என் ஒரு மணி நேரத்துக்கு என்ன விலை? பாத்திரம் தேய்க்க ஆள் வைக்கலாமா?

பீளமேடு_கணக்கு · 2 ஜூன் 2025, இரவு 10.50

பக்கத்துத் தெருவில் வேலை பார்க்கும் அக்கா ஒருவர் எங்கள் வீட்டுக்கும் வருகிறேன் என்கிறார். பாத்திரம் தேய்ப்பது, பெருக்கித் துடைப்பது, மாதம் 3,000. எனக்கு நூல் மில் ஆபீஸில் கணக்கு வேலை, கைக்கு 42,000 வருகிறது. அதற்கு மேல், இரவில் ஒன்பது கடைகளுக்கு ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுகிறேன், கடைக்கு 1,200. வீட்டுக்காரருக்கு பம்ப் கம்பெனியில் ஷிப்ட் வேலை. பிள்ளைகள் இரண்டு பேர்.

வேண்டும் என்றுதான் மனது சொல்கிறது. ஆனால் 3,000 கொடுத்தால் அது எனக்கு என்னவாகத் திரும்பி வருகிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்க ஆசை. என் ஒரு மணி நேரத்தின் விலையை எப்படிப் போடுவது? அது தெரிந்தால் எதை வெளியே கொடுக்கலாம், எதை நானே செய்யலாம் என்று பிரித்துவிடலாம் இல்லையா?

சிங்கைவாசி · 2 ஜூன், இரவு 11.15

இதில் என்ன குழப்பம்? 42,000-ஐ 26 நாளால் வகுத்து, எட்டால் வகுங்கள். 202 ரூபாய் வரும். மணிக்கு 202-க்குக் குறைவாக முடிகிற எந்த வேலையையும் நீங்கள் கையால் தொடவே கூடாது. நான் அப்படித்தான் செய்கிறேன். கார் கழுவுவது, துணி, சமையல் எல்லாம் ஆள்தான்.

பீளமேடு_கணக்கு · 3 ஜூன், காலை 6.10

202 எனக்கு ஒட்டவில்லை. நான் மில்லில் இருப்பது மதியச் சாப்பாட்டையும் சேர்த்து ஒன்பது மணி நேரம். ஸ்கூட்டியில் போக 40 நிமிடம், வர 40 நிமிடம். எல்லாம் சேர்த்தால் மாதம் 269 மணி நேரம் அந்த வேலைக்காகப் போகிறது. பெட்ரோல் 1,800 கழித்தால் 40,200. வகுத்தால் 150-க்கும் கொஞ்சம் கீழே நிற்கிறது. ஒரே சம்பளம், வகுக்கிற எண் மாறியதும் கால் பங்கு போய்விட்டது.

ஓய்வு_ஆடிட் · 3 ஜூன், பகல் 12.30

முப்பது வருஷம் மில்களில் காஸ்ட் கணக்கு பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அம்மா. 202, 150 இரண்டும் உங்கள் கேள்விக்கான விடை இல்லை. அவை சராசரி. நீங்கள் பாத்திரம் தேய்ப்பதை விட்டால் மில் உங்களுக்கு ஒரு ரூபாய் கூடத் தராது. சம்பளம் அசையாது. அப்படியிருக்க அந்தச் சம்பளத்தை வைத்து பாத்திரத்துக்கு எப்படி விலை போடுவது?

கேட்க வேண்டியது வேறு. இன்னும் ஒரு மணி நேரம் கையில் கிடைத்தால் அதை எதில் போடுவீர்கள், அது என்ன தரும்? உங்கள் விஷயத்தில் அது ஜிஎஸ்டி வேலையாக இருக்கலாம், தூக்கமாகவும் இருக்கலாம். முதலில் ஜிஎஸ்டி வேலைக்கு உண்மையில் எவ்வளவு நேரம் ஆகிறது என்று எழுதிப் பாருங்கள். ஞாபகத்திலிருந்து சொல்லாதீர்கள்.

பீளமேடு_கணக்கு · 3 ஜூன், இரவு 10.05

சார், ஞாபகத்திலிருந்து சொன்னால் மாதம் 20 மணி நேரம். 10,800-ஐ வகுத்தால் 540. எழுதி வைத்தது இல்லை. இந்த மாதம் எழுதுகிறேன். வீட்டு வேலையையும் ஒரு வாரம் எழுதிப் பார்க்கப் போகிறேன். ஃபிரிட்ஜ் மேல் பிள்ளையின் பழைய நோட்டை வைத்துவிட்டேன்.

குறிச்சி_ஹரன் · 4 ஜூன், காலை 9.20

1,200 ரொம்பக் குறைவு. பர்சேஸ் பில் அதிகமுள்ள கடைக்கு 2,000 கேட்கலாம். மாதம் ஐந்தாம் தேதிக்குள் பில் தராத கடைக்கு 300 கூடுதல் என்று சொல்லுங்கள். நானும் இதே வேலைதான் செய்கிறேன்.

பீளமேடு_கணக்கு · 4 ஜூன், இரவு 9.50

நான் கேட்டது ஃபீஸ் பற்றி இல்லை. ஆனாலும் நீங்கள் சொன்ன ஐந்தாம் தேதி விஷயத்தைக் குறித்துக்கொண்டேன்.

வடவள்ளி_மேல்வீடு · 5 ஜூன், மாலை 4.00

டிஷ்வாஷர் வாங்கிவிடுங்கள். ஆளும் வேண்டாம், லீவும் இல்லை. நான் வாங்கி மூன்று வருஷம். அலுமினியப் பாத்திரத்தை மட்டும் போடாதீர்கள், கறுத்துவிடும். இரும்புச் சட்டியும் போடக்கூடாது, துருப்பிடிக்கும். சிறுவாணித் தண்ணீர் வருகிற வீடு என்றால் பிரச்சினை இல்லை. போர் தண்ணீர் என்றால் அதற்கான உப்பை ஒழுங்காகப் போட வேண்டும், இல்லாவிட்டால் டம்ளரில் வெள்ளை படியும்.

பீளமேடு_கணக்கு · 5 ஜூன், இரவு 10.30

எங்களுக்குப் போர் தண்ணீர். இட்லிப் பாத்திரமும் பெரிய குக்கரும் அலுமினியம். இப்போதைக்கு வேண்டாம். அக்காவை நாளைக்கு வரச் சொல்லிவிட்டேன். கணக்கு முடியட்டும் என்று உட்கார்ந்திருந்தால் அவர் வேறு வீடு பிடித்துவிடுவார்.

பீளமேடு_கணக்கு · 10 ஜூன், இரவு 11.40

ஃபிரிட்ஜ் நோட்டின் கணக்கு. அக்கா வருவதற்கு முன் நானே செய்த நாட்களில் பாத்திரம் காலையில் 20 நிமிடம், இரவில் 30. பெருக்கித் துடைக்க 35. மொத்தம் 85 நிமிடம். மாதம் 26 நாள் என்றால் கிட்டத்தட்ட 37 மணி நேரம். 3,000-ஐ 37-ஆல் வகுத்தால் மணிக்கு 81 ரூபாய்தான். பார்த்ததும் சந்தோஷமாக இருந்தது.

இனிமேல் எழுத முடியாது, நாளைக்கு 11. விற்பனைக் கணக்கு ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-1-க்குக் கடைசி நாள். மூன்று கடைக்காரர்கள் இன்னும் பில் அனுப்பவில்லை.

பீளமேடு_கணக்கு · 14 ஜூன், மதியம் 3.15

81 தப்பு. ஒரு வாரத்திலேயே தெரிந்துவிட்டது.

அக்கா காலை ஏழு மணிக்கு வருகிறார். வருவதற்கு முன் கூடத்தில் கிடப்பதை எடுத்து வைக்க வேண்டும், தட்டில் ஒட்டியதைத் தள்ளித் தண்ணீர் ஊற்றி ஊற வைக்க வேண்டும். அவர் போனபின் பாத்திரங்களை அதனதன் இடத்தில் கவிழ்க்க வேண்டும். இதெல்லாம் எனக்கு ஒரு நாளைக்கு 20 நிமிடம். அப்புறம், இரவுக் குக்கர் சிங்க்கில் கிடக்கிறது, காலை ஆறு மணிக்குச் சோறு வைக்க வேண்டும். இரண்டு நாள் நானே குக்கரை மட்டும் தேய்த்தேன். மூன்றாம் நாள் பரணிலிருந்து பழைய குக்கரை இறக்கி, கேஸ்கெட் மாற்றி, இரண்டாவதாக வைத்துக்கொண்டேன்.

லீவையும் பார்க்க வேண்டும். மாதம் மூன்று நான்கு நாள் அவர் வரமாட்டார், அது நியாயம்தான். 22 நாள், நாளுக்கு 65 நிமிடம் மிச்சம் என்று வைத்தால் 24 மணி நேரம். தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் கொடுப்போம், அதை மாதத்துக்குப் பிரித்தால் 250. ஆக 3,250-க்கு 24 மணி நேரம் வாங்குகிறேன். மணிக்கு 135.

சிங்கைவாசி · 14 ஜூன், மாலை 6.40

135 இன்னும் 202-க்குக் கீழேதான் இருக்கிறது. நான் சொன்னது சரி.

ஓய்வு_ஆடிட் · 14 ஜூன், இரவு 8.10

தம்பி, விடை ஒத்துப்போகிறது, வழி ஒத்துப்போகவில்லை. நாளைக்கு அந்த அக்கா 4,000 கேட்டால் உங்கள் கணக்கு ஒன்று சொல்லும், இவர்களின் நிலைமை வேறொன்று சொல்லும்.

சூலூர்_மகள் · 15 ஜூன், காலை 7.30

என் அம்மா இருபது வருஷம் வீட்டு வேலை செய்தவர். ஐந்து வீடு. இந்த இழையில் எல்லாரும் உங்கள் மணி நேரத்துக்கு விலை போடுகிறீர்கள், அக்காவின் மணி நேரத்துக்கும் போட்டுப் பாருங்கள்.

நீங்கள் 85 நிமிடத்தில் செய்வதை என் அம்மா 50 நிமிடத்தில் முடிப்பார். கை அப்படி. 26 நாளைக்கு 22 மணி நேரம் கூட ஆகாது. அப்படியானால் அவருக்கு மணிக்கு 138 வருகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு நடக்கிற நேரம், கேட் திறக்கக் காத்திருக்கிற நேரம், எதுவும் யார் கணக்கிலும் ஏறாது. நீங்கள் ஸ்கூட்டி நேரத்தைச் சேர்த்ததும் 202 எப்படி 150 ஆனதோ, அம்மாவுக்கும் அதே மாதிரி இறங்கும்.

ஒரு கேள்வி. நீங்கள் கோடை லீவுக்கு ஊருக்குப் போனால் அந்தப் பத்து நாள் சம்பளத்தைப் பிடிப்பீர்களா?

பீளமேடு_கணக்கு · 15 ஜூன், இரவு 10.00

பிடிக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். அவர் அந்த ஏழு மணியை எனக்காக ஒதுக்கி வைத்திருக்கிறார், அந்த நேரத்தில் வேறு வீடு எடுக்க முடியாது. ஆனால் வீட்டுக்காரரிடம் இன்னும் பேசவில்லை.

காத்திருக்கிற நேரம் பற்றி நான் யோசித்ததே இல்லை. இன்று காலை அவர் வந்தபோது கேட் பூட்டியிருந்தது. நான் குளித்துக்கொண்டிருந்தேன். சாவியை எங்கே வைப்பேன் என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.

சூலூர்_மகள் · 15 ஜூன், இரவு 10.20

இன்று ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமையும் வருகிறாரா?

பீளமேடு_கணக்கு · 15 ஜூன், இரவு 10.35

இல்லை, ஞாயிறு லீவுதான். நேற்று காலை நடந்ததை இன்று என்று எழுதிவிட்டேன்.

மாவு_மில்_முக்கு · 17 ஜூன், பகல் 11.00

பேச்சிலர் கேள்வி. மாவு? கடையில் பாக்கெட் மாவு வாங்கினால் பாதி வேலை போய்விடுமே. நான் நான்கு வருஷமாகக் கிரைண்டர் சத்தமே கேட்டதில்லை.

பீளமேடு_கணக்கு · 17 ஜூன், இரவு 11.10

இதை நானும் போட்டுப் பார்த்தேன். ஒரு தடவை இட்லி அரிசி 800 கிராம், உளுந்து 200 கிராம். எங்கள் கடை விலையில் அரிசிக்கு 36, உளுந்துக்கு 28, கரண்டையும் வெந்தயத்தையும் சேர்த்தால் 67 என்று வைக்கலாம். ஏறக்குறைய 2.7 கிலோ மாவு வருகிறது. அதே அளவைக் கடையில் வாங்கினால், கிலோ 45 என்றால் 122. வித்தியாசம் 55 ரூபாய்.

நேரம் எவ்வளவு மிச்சம்? கிரைண்டர் ஓடுவது ஒரு மணி நேரம். ஆனால் அந்த ஒரு மணி நேரமும் நான் அங்கே நிற்பதில்லை. உளுந்தைப் போட்டுவிட்டுக் காய் நறுக்குவேன், நடுநடுவே கை நனைத்து ஓரத்தைத் தள்ளிவிடுவேன், கொஞ்சம் தண்ணீர் தெளிப்பேன். என் கை உண்மையில் படுவது 25 நிமிடம், அதிலும் பாதி கல்லையும் டிரம்மையும் கழுவுவது. 25 நிமிடத்துக்கு 55 ரூபாய் என்றால் மணிக்கு 132. அக்காவின் விலைதான், வாங்கலாம் போலத் தோன்றும்.

ஆனால் வீட்டு மாவு ஃபிரிட்ஜில் நான்கு நாள் நன்றாக இருக்கிறது. கடை மாவு எங்களுக்கு இரண்டாம் நாளே புளித்துவிடுகிறது, அதற்காகவே இரண்டு தடவை கடைக்கு நடக்க வேண்டும், தடவைக்குப் பத்து நிமிடம். ஆக, மிச்சம் ஐந்து நிமிடம்தான். ஐந்து நிமிடத்துக்கு 55 ரூபாய்! மாவு வீட்டிலேயே இருக்கட்டும். உங்களுக்குக் கடை வாசலிலேயே வீடு என்றால், ஒரே ஆள் என்றால், கணக்கு மாறும்.

இஸ்திரியை யோசிக்காமல் கொடுத்துவிட்டேன். வாரம் 16 உருப்படி, ஒன்றுக்கு 10 ரூபாய், 160. நான் செய்தால் ஞாயிறு மதியம் ஒன்றே முக்கால் மணி நேரம் நின்றுகொண்டே போகும். தள்ளுவண்டிக்காரர் தெருமுனையிலேயே இருக்கிறார், பையன் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வாங்கி வருகிறான். மணிக்கு 91. இதில் மறைந்த நேரம் எதையும் நான் கண்டுபிடிக்கவில்லை.

வடவள்ளி_மேல்வீடு · 18 ஜூன், மதியம் 2.00

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். இத்தனை கணக்கில் வீட்டுக்காரர் எங்கே? மத்திய அரசு எடுத்த 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், தங்கள் வீட்டு வேலையைச் சம்பளமில்லாமல் செய்கிற பெண்கள் அதில் ஒரு நாளைக்குச் செலவிடுவது 289 நிமிடம், செய்கிற ஆண்கள் 88 நிமிடம். 3,000 கொடுப்பதற்கு முன் வீட்டுக்குள்ளேயே வேலையைப் பிரித்தீர்களா?

பீளமேடு_கணக்கு · 18 ஜூன், இரவு 11.55

கோபம் இல்லை. காலை ஷிப்ட் வாரத்தில் அவர் ஐந்தரைக்கே கிளம்பிவிடுவார், மதியம் வந்து பிள்ளைகளை அழைத்து வருகிறார், இரவுச் சமையலும் அவர்தான். இரண்டாம் ஷிப்ட் வாரத்தில் எல்லாம் என் தலையில். நோட்டில் அவர் பெயருக்கும் ஒரு பக்கம் போட்டேன். காலை ஷிப்ட் வாரம் அவர் 110 நிமிடம், நான் 190. மற்ற வாரம் அவர் 40, நான் 270. பக்கத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் ரேஷன் கடையையும் வாரக் காய்கறியையும் எடுத்துக்கொண்டார். அதற்கு விலை எப்படிப் போடுவது என்று தெரியவில்லை, போடவும் தோன்றவில்லை.

வரி கட்டும் ரிட்டர்னான 3பி-க்கு 20-ஆம் தேதி கடைசி நாள், அது முடிந்ததும் எழுதுகிறேன்.

பீளமேடு_கணக்கு · 21 ஜூன், இரவு 9.40

நேற்று கடைசி 3பி-யும் போயாகிவிட்டது. எழுதி வைத்ததைக் கூட்டினேன்: 27 மணி நேரம். 20 இல்லை. ஆக மணிக்கு 540 இல்லை, 400.

அந்த 27-இல் 9 மணி நேரம் ரிட்டர்னே இல்லை. பில் கேட்டு போன் பண்ணுவது, வாட்ஸாப்பில் வந்த மங்கலான படத்தைத் திரும்ப அனுப்பச் சொல்வது, கடைக்காரர் சொன்ன தொகைக்கும் போர்ட்டலில் சப்ளையர் ஏற்றிய தொகைக்கும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று அவரிடமே கேட்பது. குறிச்சி_ஹரன் நான்காம் தேதி சொன்னது இங்கேதான் வருகிறது. ஒன்பது கடைக்கும் இன்று ஒரே செய்தி அனுப்பினேன்: ஐந்தாம் தேதிக்குள் பில், தாண்டினால் 200 கூடுதல்.

குறிச்சி_ஹரன் · 21 ஜூன், இரவு 10.15

300 சொன்னேன். பரவாயில்லை, ஆரம்பம்.

ஓய்வு_ஆடிட் · 22 ஜூன், காலை 8.00

400-உம் சராசரிதான் அம்மா. பழைய கடைகள், உங்களுக்குப் பழகிய கணக்கு. மிச்சமாகிற நேரத்தில் வரப்போவது பத்தாவது கடை. அது என்ன தரும்?

பீளமேடு_கணக்கு · 22 ஜூன், இரவு 10.20

ஒன்பதாவது கடையை ஏப்ரலில் எடுத்தேன். பழைய கணக்குக் குப்பையாக இருந்தது. முதல் மூன்று மாதம் மாதத்துக்கு 5 மணி நேரம் ஆனது. பத்தாவதும் அப்படித்தான் இருக்கும். 1,200-ஐ 5-ஆல் வகுத்தால் 240. அதுவும் கடை கிடைத்தால்தான்.

பீளமேடு_கணக்கு · 22 ஜூன், இரவு 11.30

தூக்கம் வரவில்லை, இன்னொன்றையும் போட்டுவிடுகிறேன். 24 மணி நேரம் மிச்சம் என்றேனே, அது முழுவதும் 240-க்குப் போகாது. காலையில் மிச்சமாகும் நிமிடங்களில் நான் லேப்டாப்பைத் திறக்க முடியாது, பிள்ளைகளைக் கிளப்ப வேண்டும். இரவு 30 நிமிடம்தான் உண்மையான லாபம். முன்பு 9.45-க்கு உட்காருவேன், இப்போது 9.15-க்கு. பதினொன்று வரை ஒரே மூச்சாக வேலை ஓடுகிறது.

அதுவும் 20-ஆம் தேதி வரைதான். அதன்பிறகு ஜிஎஸ்டி வேலை இல்லை, இரவு ஒன்பதரைக்கு எனக்கு யாரும் ஒரு ரூபாய் தரமாட்டார்கள். ஞாயிறு போக 20 தேதிக்குள் 17 இரவு, எட்டரை மணி நேரம். 240-ஆல் பெருக்கினால் 2,040. நான் கொடுப்பது 3,250. பணமாக மட்டும் பார்த்தால் மாதம் 1,210 நஷ்டம்.

மீதி பதினைந்தரை மணி நேரத்தை இந்த 1,210 கொடுத்து வாங்குகிறேன். மணிக்கு 78 ரூபாய். அதில் என்ன செய்கிறேன்? காலையில் சின்னவளுக்கு நானே தலை பின்னுகிறேன். முன்பு அவளே ரப்பர் பேண்டு போட்டு இழுத்துக் கட்டிக்கொண்டு ஓடுவாள். இப்போது ஸ்டூலில் உட்கார வைத்து வகிடு எடுத்து, இரட்டைப் பின்னல், மடித்து ரிப்பன் கட்ட ஏழு நிமிடம் ஆகிறது. அந்த ஏழு நிமிடமும் வகுப்பில் யார் யாரோடு சண்டை என்று வாய் ஓயாமல் சொல்கிறாள். இதற்கு 78 அதிகமா குறைவா என்று எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

சிங்கைவாசி · 23 ஜூன், காலை 10.00

சரி, 202-ஐ வாபஸ் வாங்குகிறேன். என் கணக்கையும் பார்த்தேன். எனக்கு ஓவர்டைம் கிடையாது, வேறு வேலையும் இல்லை. கார் கழுவக் கொடுக்கிற 700 எனக்குச் சம்பாதித்துத் தரும் மணி நேரம் எதையும் தரவில்லை. அந்த நேரத்தில் போன்தான் பார்க்கிறேன். ஆனால் நிறுத்த மனமில்லை, அந்தப் பையன் அதை நம்பி வருகிறான்.

ஓய்வு_ஆடிட் · 23 ஜூன், மாலை 5.30

2017-இல் வந்த ஒரு ஆராய்ச்சி. கனடாவில் வான்கூவர் நகரத்தில் வேலைக்குப் போகிற 60 பேருக்கு ஒரு வார இறுதியில் 40 டாலர் கொடுத்து நேரத்தை மிச்சப்படுத்தும் செலவு செய்யச் சொன்னார்கள், இன்னொரு வார இறுதியில் அதே தொகைக்குப் பொருள் வாங்கச் சொன்னார்கள். நேரம் வாங்கிய நாளில்தான் மனது லேசாக இருந்ததாகச் சொன்னார்கள். பின்னலைப் படித்ததும் அது ஞாபகம் வந்தது.

பீளமேடு_கணக்கு · 23 ஜூன், இரவு 10.10

அது யாரோ கொடுத்த 40 டாலர் சார். அதுவும் ஒரு நாள். நான் மாதா மாதம் என் கையிலிருந்து கொடுக்கிறேன். ஆறு மாதம் கழித்து மனது எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும்.

பீளமேடு_கணக்கு · 6 ஜூலை, பகல் 11.45

ஒரு மாதம் முடிந்தது. அக்கா லீவு எடுத்தது ஐந்து நாள், நான் நான்கு என்று போட்டிருந்தேன். கடைகளில் ஆறு பேர் ஐந்தாம் தேதிக்குள் பில் தந்துவிட்டார்கள். மூன்று பேர் தரவில்லை, அதில் ஒருவர் 200 எதற்கு என்று கேட்டு அரை மணி நேரம் பேசினார். அந்த அரை மணி நேரத்தையும் நோட்டில் எழுதியிருக்கிறேன்.

நேற்று சம்பளம் கொடுக்கும்போது அக்கா, காய் நறுக்கிக் கொடுக்கவும் செய்கிறேன், 800 கூடக் கொடுங்கள் என்றார். தினமும் 20 நிமிடம் மிச்சமாகும். ஆனால் அது காலை 20 நிமிடம், 20-ஆம் தேதிக்கு முன்னும் பின்னும் ஒரே மாதிரிதான். திங்கட்கிழமை பதில் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

சூலூர்_மகள், வீட்டுக்காரரிடம் பேசிவிட்டேன். ஊருக்குப் போகிற நாளுக்குச் சம்பளம் பிடிக்க மாட்டோம். ஐந்து நாள் லீவுக்கும் பிடிக்கவில்லை. மாதம் எட்டு, பத்து நாள் என்று போனால் என்ன செய்வது என்பதில் மட்டும் நாங்கள் இருவரும் ஒத்துப்போகவில்லை.

சூலூர்_மகள் · 6 ஜூலை, மாலை 6.15

எட்டு நாள் போனால் காரணம் கேளுங்கள். பெரும்பாலும் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் இருக்கும். காய்க்கு 800 என்றால் ஒரு நாளுக்கு 30 ரூபாய். என் அம்மா என்றால் 1,000 கேட்டிருப்பார்.